வீடியோ பேச்சை எழுத்துப் பதிவாக்கும்போது துணைத்தலைப்பு எங்கே வைப்பது?

"இட்லி மாவு வீடியோவின் பேச்சை அப்படியே எடுத்து, துணைத்தலைப்பு போட்டு, பத்தியும் பிரித்துவிட்டேன். இன்னும் பேசுற மாதிரியே இருக்கு. என்ன செய்ய?"

பேசிய வரிசையை விட்டுவிடுங்கள். அளவு, ஊறவைப்பது, அரைப்பது, புளிப்பது என்று சமைக்கிறவர் தேடும் வரிசையில் வாக்கியங்களை வெட்டி அடுக்கிவிட்டு, அதன் பிறகு தலைப்பு வையுங்கள்.

நீங்கள் பேச்சு நின்ற இடத்திலெல்லாம் தலைப்பு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேசுகிறவர் "நாலுக்கு ஒண்ணு" என்று தொடக்கத்தில் சொல்வார். வெந்தயம் ஒரு டீஸ்பூன் என்பது அரைக்கும்போதுதான் ஞாபகம் வரும். எழுத்தில் இரண்டும் ஒரே பத்தியில் வர வேண்டும்: "இட்லி அரிசி 4 கப், உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன்." பத்திக்கு மூன்று நான்கு வாக்கியம் போதும். "ஓகேவா", "பாத்தீங்கன்னா" எல்லாம் போகட்டும்.

பதிவின் மேலே வரும் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். விகிதம், ஊறும் நேரம், புளிக்கும் நேரம், அவ்வளவுதான். பிறகு சுருக்கத்தையும் தலைப்புகளையும் மட்டும் படித்துப் பாருங்கள். அதை வைத்தே மாவு அரைக்க முடியவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று கவனம்: தானியங்கி வசனத்தில் எண்கள் தப்பாக விழும். "இந்தப் பதத்துக்கு" என்று கையால் காட்டியதும் எழுத்தில் வராது. அந்த இடங்களை வீடியோவில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.