ஒன்டாரியோவுக்கு எழுதும் மின்னஞ்சல்

"சென்னையில் ஆறு ஆண்டுகள் கட்டுமானப் பொறியாளராக இருந்தேன், அது கணக்கில் வருமா என்று பொறியாளர் உரிம அமைப்புக்கு எப்படி எழுதுவது?"

வணக்கம். கனடாவிலேயே 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை ஒன்டாரியோ அமைப்பு 2023இல் நீக்கிவிட்டது. ஆனால் 48 மாத அனுபவம் இன்னும் தேவை. ஆகவே "செல்லுமா" என்று மட்டும் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

உண்மையான சிக்கல் உங்கள் அனுபவத்துக்குச் சான்றளிப்பவரிடம் இருக்கிறது. இந்தியாவில் பொறியாளர்களுக்குச் சட்டப்படியான பொது உரிமம் இல்லாததால், சான்றளிக்க வேண்டிய உங்கள் மேலதிகாரிக்கு உரிம எண் இராது. எனவே நீங்கள் பட்டம் பெற்ற மாதம், உங்கள் பணிக்காலம், அவருடைய பட்டம், அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "உரிமம் இல்லாத இவர் என் பணிக்குச் சான்றளிக்கலாமா, இயலாதெனில் யார் அளிக்கலாம்?" என்று கேளுங்கள்.