எனக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் போதும்? விடுமுறையில் கண்டுபிடிக்கலாம்

கேள்வி: எனக்கு வயது 41. வங்கியில் வேலை பார்க்கிறேன். இரவு பதினொன்றேகாலுக்குப் படுத்து, காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுகிறேன். எட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்று எங்கும் படிக்கிறேன். என் கணவரோ ஆறு மணி நேரம் தூங்கிவிட்டுத் தெம்பாக இருக்கிறார். எனக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? மே மாதம் பிள்ளைகளோடு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம்.

பதில்: அந்த இரண்டு வாரமே போதும். பரிசோதனைக் கூடமோ கருவியோ தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் சரி.

பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது மருத்துவ அமைப்புகள் சொல்லும் அளவு. அது ஒரு கூட்டத்துக்கான வரம்பு. அந்த இரண்டு மணி நேர இடைவெளியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது சொல்லாது. ஒன்பது மணி நேரம் தேவைப்படும் ஒருவர் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு, "அளவுக்குள்தானே இருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சோர்வோடு திரிவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

"எனக்குத் தெம்பாகத்தான் இருக்கிறது" என்ற உணர்வையும் நம்ப முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாட்கள் ஆறு மணி நேரத்துக்கு மேல் படுக்க விடவில்லை. அவர்களுடைய கவனமும் எதிர்வினை வேகமும் நாளுக்கு நாள் சரிந்தபடியே இருந்தன. ஆனால் தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களைக் கேட்டபோது, சில நாட்களுக்குப் பிறகு அது பெரிதாகக் கூடியதாக அவர்கள் உணரவில்லை. உடல் பழகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. உங்கள் கணவர் குறைந்த தூக்கமே போதுமான அரிதான சிலரில் ஒருவராக இருக்கலாம். தூக்கக் கடன் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அவரும் உங்களோடு இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டும்.

இனி செய்முறை. ஊருக்குப் போன முதல் இரவிலிருந்து, தூக்கம் வரும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லா இரவுகளிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் படுங்கள். உங்களுக்குப் பத்து மணி பொருந்தும். எழும் நேரத்தை மட்டும் உடலிடம் விட்டுவிடுங்கள். அலாரம் கூடாது, பிள்ளைகள் வந்து எழுப்பவும் கூடாது. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். விடுமுறை என்று நள்ளிரவு தாண்டிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒரு மணிக்குப் படுப்பார்கள். மே மாதத்து வெயிலும் வெளிச்சமும் வீட்டுச் சத்தமும் ஏழு மணிக்குள் எழுப்பிவிடும். ஆறு மணி நேரம்தான் தூங்க முடிகிறது, எனக்கு அதுவே போதும் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

முதல் சில நாட்களில், அலாரம் இல்லாமலே ஐந்தரைக்கு உங்களுக்கு விழிப்பு வரும். உடல் கடிகாரம் பழைய நேரத்துக்குப் பழகியிருப்பதால் வரும் விழிப்பு அது. தூக்கம் நிறைந்துவிட்டதற்கான அடையாளம் அல்ல. கைபேசியைத் தொடாமல், இருட்டிலேயே கண்ணை மூடிப் படுத்திருங்கள். இருபது நிமிடங்களுக்குள் மீண்டும் தூங்கிவிட்டால் அந்தத் தூக்கமும் கணக்கில் சேரும். தூங்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். அடம்பிடித்துப் படுத்திருப்பதால் பயனில்லை.

காலையில் எழுந்ததும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்க எடுத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றும் நிமிடங்கள், எழுந்த நேரம். நடு இரவில் மணி பார்க்க வேண்டாம், தோராயம் போதும். பகலில் தூங்கினால் அதையும் சேர்த்துக் குறியுங்கள். மதிய உணவுக்குப் பின் காபி, டீ வேண்டாம். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மணிக்கட்டில் கட்டும் கருவிகள் அசைவை வைத்தும் கணக்கிடுவதால், விழித்தபடி அசையாமல் படுத்திருப்பதையும் தூக்கம் என்று பதிந்துவிடுவதுண்டு. நோட்டையே நம்புங்கள்.

முதல் வாரக் கணக்கை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். 1990-களில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஆரோக்கியமானவர்களை நான்கு வாரங்கள், ஒவ்வொரு நாளும் 14 மணி நேரம் இருட்டில் இருக்க வைத்தார்கள். தொடக்க இரவுகளில் அவர்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். போகப்போக அது குறைந்து, நான்காம் வாரத்தில் சராசரியாக எட்டே கால் மணி நேரத்தில் நிலைகொண்டது. தொடக்கத்தில் தூங்கியது பழைய பாக்கியைத் தீர்ப்பது. அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டால், "எனக்குப் பத்து மணி நேரம் வேண்டும்" என்று தவறாக முடிவு செய்வீர்கள். நான்கு நாள் பொங்கல் விடுமுறையில் இந்தச் சோதனை பலிக்காததற்கும் இதுவே காரணம்.

உங்களைப் போலவே வேலைநாட்களில் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கிய ஒரு பள்ளி ஆசிரியையின் குறிப்பு இது. முதல் இரவு 9 மணி 40 நிமிடம். நான்காம் இரவு 8 மணி 30 நிமிடம். ஏழாம் இரவு 7 மணி 55 நிமிடம். இரண்டாம் வாரத்தின் ஏழு இரவுகள்: 7.50, 7.30, 7.45, 6.40, 8.20, 7.35, 7.40. நடுவே வரும் 6.40, கோயில் கொடையின் ஒலிபெருக்கியால் கெட்ட இரவு. அடுத்த இரவின் 8.20 அதை ஈடுகட்டியது. இரண்டையும் நீக்கினால், மீதி ஐந்து இரவுகளின் சராசரி 7 மணி 40 நிமிடம். நீக்காவிட்டாலும் 7 மணி 37 நிமிடம்தான் வருகிறது. இரண்டாம் வாரத்தில் எண்கள் இப்படி ஒன்றையொன்று சுற்றி நிற்பதே சோதனை பலித்ததற்கு அடையாளம். தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். கடைசி மூன்று நான்கு இரவுகளை மட்டும் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைநாளில் அவர் ஐந்தரைக்கு எழ வேண்டும். 7 மணி 40 நிமிடத் தூக்கத்தோடு, தூங்கிப்போக ஆகும் இருபது நிமிடத்தையும் கூட்டினால் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். ஒரே நாளில் அது நடக்காது. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னே நகர்த்தினார். உங்கள் வீட்டில் இரவு உணவையும் பிள்ளைகளின் பாடத்தையும் முன்னே நகர்த்தாமல் படுக்கும் நேரத்தை மட்டும் நகர்த்த முடியாது என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

புதிய அளவு சரியா என்று பார்க்க முற்பகலைக் கவனியுங்கள். பத்து, பதினொரு மணிக்குக் கூட்டத்திலோ பஸ்ஸிலோ கண் சொருகினால் இன்னும் போதவில்லை. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வரும் மந்தம் நன்றாகத் தூங்கியவருக்கும் இயல்பாக வருவது; அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விழிப்பு மற்ற நாட்களைவிட அரை மணிக்கு மேல் தள்ளிப்போகாமல் இருந்தால் நல்லது.

ஏற்கெனவே தூக்கமின்மையால் அவதிப்படுபவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. படுக்கையில் இருக்கும் நேரத்தை நீட்டுவது அவர்களின் தொல்லையைக் கூட்டும். தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் இரவில் மது அருந்துபவர்களுக்கும் கிடைக்கும் எண் நம்பத்தக்கதல்ல. இரண்டாம் வாரத்திலும் பத்து மணி நேரம் தூங்கி, எழும்போது களைப்பாகவே இருந்தால், அல்லது நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பதாக உங்கள் கணவர் சொன்னால், நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், ரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றை அவர் பரிசோதிப்பார்.