பள்ளியில் எங்களுடன் படித்த தோழி சிறிய கிளினிக் ஒன்றைத் தொடங்குகிறார். வகுப்புத் தோழர்கள் சார்பில் வாழ்த்து மடல் எப்படி எழுதுவது?

அந்த மடலை யார் படிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்கென்றால், அதை அன்றாடம் படிக்கப் போகிறவர்கள் முறைக்காகக் காத்திருக்கும் நோயாளிகள்தான்.

எங்கள் நண்பர் கிளினிக் திறந்தபோது ஒருவர் எழுதிக் கொண்டுவந்த வரைவு இப்படித் தொடங்கியது: "கைராசி மிக்க குழந்தைகள் நல நிபுணரே, உங்கள் கை பட்டால் தீராத நோயும் தீரும், மென்மேலும் கூட்டம் பெருகட்டும்!" அன்பில் குறையில்லை. ஆனால் நண்பர் பொது மருத்துவர். குழந்தைகளையும் பார்ப்பார் என்பதற்காக அவரை நிபுணர் என்று எழுதினால், இல்லாத தகுதியைச் சொந்தச் சுவரிலேயே அவர் உரிமை கொண்டாடியதாக ஆகிவிடும். தீராத நோயும் தீரும் என்பது குணமாகும் என்ற உத்தரவாதம். அத்தகைய விளம்பரத்தை மருத்துவ நெறிமுறைகள் பொதுவாக ஏற்பதில்லை, எழுதியவர் நண்பரே ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். கூட்டம் பெருகட்டும் என்பதோ, கடைக்குப் பொருந்தும். காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்?

ஆகவே நோய், குணம், கூட்டம் மூன்றையும் விட்டுவிட்டு, வகுப்பில் அவரிடம் நாங்கள் கண்டதை மட்டும் எழுதினோம்: "யார் எதைக் கேட்டாலும் முழுவதும் கேட்ட பிறகே பதில் சொல்லும் வழக்கம் உங்களுக்கு அன்றே இருந்தது. அந்தப் பொறுமையை நம்பி வருபவர்களுக்கு இந்த அறை ஆறுதலாக அமையட்டும். அன்புடன், உங்கள் வகுப்புத் தோழர்கள்." நேரில் வாடா போடா என்று அழைத்தாலும் சுவருக்கான மடலில் 'நீங்கள்' என்றே எழுதினோம். கேலிப் பெயர்களும் பழைய குறும்புகளும் தனிக் கடிதத்தில் போயின. உண்மையைச் சொன்னால், அவர் விரும்பிப் படித்தது அதைத்தான்.

மடலுடன் ஏதேனும் கொடுக்க நினைத்தால், வாசனை மிகுந்த பெரிய பூங்கொத்தைத் தவிர்க்கலாம். சிறிய அறையில் அந்த நெடி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பக்கூடும். நொடிமுள் தெளிவாகத் தெரியும் சுவர்க் கடிகாரம் உதவும், ஏனெனில் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை அடிக்கடி வரும்.

வாழ்த்தை வாட்ஸ்அப்பில் பகிர்வதானால் கிளினிக்கின் எண்ணை மட்டும், அதுவும் அவரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். சொந்த எண் ஒருமுறை பரவிவிட்டால் நள்ளிரவு அழைப்புகளை நிறுத்த வழியில்லை.