முற்பணம், அடையாள அட்டை, தரகர்: வீட்டோடு நிற்கும் அக்காவுக்கு என்ன எழுதி வைப்பது?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம், நானும் கணவரும் ஆசிரியர்கள். படுத்த படுக்கையாய் இருக்கும் அம்மாவைப் பார்க்க, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு அக்காவைத் தரகர் மூலம் எடுத்திருக்கிறோம். சம்பளம் மாதம் 32,000 ரூபாய், சாப்பாடும் இருப்பிடமும் எங்களுடையது. கிழமைக் கடன் கட்ட 60,000 முற்பணம் கேட்கிறா. தரகரோ, 'அடையாள அட்டையை வாங்கி வையுங்கோ, மாதம் 10,000 வெட்டுங்கோ, சம்பளத்தை என்னட்டத் தாங்கோ' என்கிறார். அட்டை இப்போது எங்களிடம்தான் இருக்கிறது. இதற்கு ஏதாவது எழுதி வைக்க வேண்டுமா?

பதில்: முதலில் அட்டையை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் உங்களுக்குப் போதும். தரகர் அதை உங்கள் பாதுகாப்புக்காகச் சொல்லவில்லை. அட்டை உங்களிடம் இருந்தால் அந்த அக்கா ஓட மாட்டா, ஓடாவிட்டால் தன் தரகுக் காசுக்குப் பழுதில்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு. கடனைக் காட்டி ஒருவரை அடைத்து வைத்து வேலை வாங்குவது இந்த நாட்டில் குற்றம். 2006இல் தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அட்டையும் கடனும் ஒரே அலுமாரியில் இருந்தால், நாளைக்கு நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர் என்று யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது.

தரகுக் காசு உங்கள் செலவு. ஆளைத் தேடியது நீங்கள். அதில் பாதியை அக்காவின் முதல் மாதச் சம்பளத்தில் கழிக்கிற பழக்கம் வன்னியில் நன்றாகப் பரவியிருக்கிறது, ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பளமும் தரகர் கையால் போகக் கூடாது. என்னிடம் வந்த ஒரு வழக்கில் வீட்டுக்காரர் ஏழு மாதம் ஒழுங்காகக் காசு அனுப்பியிருந்தார். வேலை செய்த பெண்ணுக்குக் கிடைத்தது மூன்று மாதச் சம்பளம். தரகர் தொலைபேசியை மாற்றிவிட்டார். இரண்டு பக்கமும் மற்றவரைக் கள்ளர் என்று நினைத்துக்கொண்டே ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

முற்பணம் கொடுப்பதில் தவறில்லை, கொடுக்கலாம். ஆனால் மாதம் 10,000 வெட்டினால் அவர் கையில் 22,000தான் மிஞ்சும். ஊரில் பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் மாதமே வேறொரு கிழமைக் கடன் எடுப்பார், அப்புறம் உங்களிடம் இன்னொரு முற்பணம் கேட்பார். அந்தச் சுற்று ஒருநாளும் முடியாது. சம்பளத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வெட்டாதீர்கள் என்பது என் கணக்கு. உங்கள் விஷயத்தில் மாதம் 5,000 வெட்டினால் பன்னிரண்டு மாதத்தில் 60,000 தீரும், கையில் மாதம் 27,000 போகும். வட்டி வேண்டாம்.

நாலாம் மாதம் முடிய அவர் போக நினைத்தால்? கட்டியது 20,000, மிச்சம் 40,000. அந்த 40,000 ஒரு சாதாரணக் கடன், அவ்வளவுதான். கடனைக் காரணம் காட்டி ஆளை நிறுத்த முடியாது, கடைசி மாதச் சம்பளத்தை முழுதாகப் பிடிக்கவும் முடியாது. இதை முன்கூட்டியே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 40,000 போனால் தாங்க முடியாது என்றால் இப்போதே 30,000 மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று, கடன் கம்பனிக்கு நீங்கள் நேரே கட்டாதீர்கள். ஒருமுறை கட்டினால் வசூலிக்க வருகிறவர்கள் அடுத்த கிழமை உங்கள் கேற்றடியில் நிற்பார்கள். அக்கா கையில் கொடுங்கள், அவர் போய்க் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கட்டும்.

சம்பளத்தை நீங்களும் பிடித்து வைக்கலாகாது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதில்தான் நல்ல வீட்டுக்காரரும் தடுக்கி விழுகிறார்கள். 'காசை நீங்களே வைச்சிருங்கோ தங்கச்சி, வீட்டுக்கு அனுப்பினா மனுசன் குடிச்சு முடிச்சிடுவார்' என்று அக்காவே சொல்லக்கூடும். பலர் சொல்கிறார்கள், பெரும்பாலும் உண்மையும்கூட. அப்படியென்றால் காசை உங்கள் அலுமாரியில் வைக்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கிலும் போடாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்குத் திறவுங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம். கணக்குத் திறக்கவும் அடையாள அட்டை வேண்டும், அது அவரிடம் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் இது. பாஸ்புக் அவர் பெட்டிக்குள், பெட்டித் திறப்பு அவர் கையில். ஏ.ரி.எம். அட்டை எடுத்தால் இரகசிய இலக்கம் உங்களுக்குத் தெரியக் கூடாது, அவர் சொல்ல வந்தாலும் கேளாதீர்கள். வங்கிக்குப் போகும்வரை ஒரு மாதக் காசு உங்களிடம் இருக்க நேர்ந்தால், கொப்பியில் திகதி போட்டு எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். கையெழுத்துத் தெரியாவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும். அந்தக் கொப்பி அவரிடமும் ஒன்று இருக்க வேண்டும். ஒரு வீட்டில் பதினாலு மாதக் காசு அன்பாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். பிரிந்து போகிற நாளில் அது எவ்வளவு என்பதிலேயே சண்டை. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, எழுதாததுதான் பிழை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. 1871இல் வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்காரரைப் பதிவேட்டில் எழுதச் சட்டம் போட்டான். 2016இல் நாங்களே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் போட்டபோது அதே மனிதரை 'தொழிலாளர்' என்ற சொல்லுக்கு வெளியே விட்டுவிட்டோம். பணிக்கொடைச் சட்டத்திலும் அவர் இல்லை, சேமலாப நிதியிலும் இல்லை. முறைப்பாட்டோடு போனால் தொழில் அலுவலகம் 'இது வீட்டுப் பிரச்சினை, பொலிசுக்குப் போங்கோ' என்கிறது. பொலிசில் 'இது தொழில் பிரச்சினை, அங்கேயே போங்கோ' என்கிறார்கள். இந்தப் பேச்சை நான் கேட்டுக் களைத்துவிட்டேன். ஆகவே மற்றத் தொழிலாளருக்குச் சட்டம் கொடுப்பதை அளவுகோலாக வையுங்கள். 2026 தையிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000, நீங்கள் கொடுக்கும் 32,000 அதற்குக் கீழே இல்லை. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதேபோல, அவர் ஒரு வருடம் நின்று போனால் 16,000 கொடுப்பதாக எழுதுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, இரவு. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். பகல் முழுக்க வேலை செய்து இரவும் இதைச் செய்ய ஒரு ஆளால் முடியாது. மூன்றாம் மாதம் அவர் எரிந்து விழுவார், நீங்கள் 'வாய் நீண்டுட்டுது' என்பீர்கள். உண்மையில் நித்திரைதான் காணாது. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை நீங்களும் கணவரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முடியாத நாட்களில் அடுத்த நாள் பகல் ஒன்றிலிருந்து நாலு வரை அக்காவை யாரும் கூப்பிடக் கூடாது. அவர் படுக்கும் அறைக்கு உள்ளிருந்து போடும் கொண்டி இருக்கட்டும். அம்மாவின் அறையிலே பாய் விரித்தால் அது நித்திரை இல்லை, காவல்.

லீவு கிழமைக்கு ஒரு நாள். புதுக்குடியிருப்புக்குப் போய் வர அந்த ஒரு நாள் போதாது. பரந்தன் சந்தியில் பஸ் மாறி ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சேர்த்து இரண்டு நாள் கொடுங்கள், சனி காலை போய் ஞாயிறு பின்னேரம் வரட்டும். பள்ளிக்கூட விடுமுறை நாட்கள் என்பதால் அம்மாவுக்கு நீங்கள் இருப்பீர்கள். பஸ் காசு உங்களுடையது. வராத திங்களுக்குச் சம்பளம் வெட்டுவதாக மிரட்டுவதற்கு முன், பஸ் ஓடினதா என்று ஒருதரம் விசாரியுங்கள்.