லேபிள் ஒரு நிறம், ஸ்டேட்டஸ் ஒரு நிறம்

"வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். லேபிள் ஒரு நிறம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இன்னொரு நிறம், எழுத்தும் தினுசு தினுசாக இருக்கிறது. டிசைனர் வைக்க வசதியில்லை. நானே சரிசெய்ய முடியுமா?"

முடியும். லோகோ இப்போதைக்கு வேண்டாம். கடைப்பெயரை ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில் எழுதினாலே போதும்.

நிறங்கள் மூன்று போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுங்கள். உதாரணமாக, பின்னணிக்கு வெளிர் சந்தன நிறம் (#FFF6E5), எழுத்துக்கு அடர் அரக்கு (#7A1F1F), பட்டைக்கும் விலை வட்டத்துக்கும் மஞ்சள் (#E0A100). மசாலா விற்பவர்கள் பலரும் சறுக்குவது மஞ்சளில்தான்: அதன்மேல் வெள்ளை எழுத்து போட்டால் படிக்க முடியாது. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதி. இந்த மஞ்சள்மேல் வெள்ளைக்குக் கிடைப்பது 2:1-க்குச் சற்று மேல்தான். சந்தனத்தின்மேல் அரக்கு 9:1-ஐத் தாண்டுகிறது. இந்த மூன்று குறியீடுகளையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே தட்டச்சு செய்யுங்கள். கண்ணளவில் தேர்ந்தெடுத்தால் மாதத்துக்கொரு மஞ்சள் வந்துவிடும்.

எழுத்துரு ஒன்றே போதும். கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் Mukta Malar இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். தலைப்புக்குத் தடித்தது, மற்றதற்குச் சாதாரணம். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது யூனிகோடு இல்லை. அந்த எழுத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும்.

டெம்ப்ளேட்டில்தான் நேரம் செலவிட வேண்டும். 'எள்ளுப் பொடி'யை வைத்து லேபிள் அமைத்தால் அழகாக உட்காரும். அப்புறம் 'கறிவேப்பிலைப் பொடி' வரும்போது இடம் போதாமல் எழுத்தைச் சுருக்குவீர்கள், அடுத்ததற்கு நகர்த்துவீர்கள், கடைசியில் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு மாதிரி இருக்கும். அதனால் உங்களிடம் உள்ள மிக நீளமான பெயரை வைத்தே அளவை முடிவுசெய்யுங்கள். இரண்டு வரியாக உடைத்தால் வரி இடைவெளியை 1.4-க்குக் கீழே குறைக்காதீர்கள், குறைத்தால் மேல்வரியின் 'ழு'வும் 'மூ'வும் கீழ்வரியின் 'கி', 'றீ' மேல்வளைவுகளில் இடிக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பச்சைப் புள்ளி, தேதிகளுக்கு இடம் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பச்சைப் புள்ளி பச்சையாகவே இருக்கட்டும், அதை உங்கள் நிறத்துக்கு மாற்றக் கூடாது.

ஸ்டேட்டஸுக்கு 1080 x 1920 அளவில் ஒரு டெம்ப்ளேட் போதும்: மேலே பெயர், நடுவில் படம், கீழே விலை. மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்து அதில் மாற்றுங்கள்.

லேபிளை மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் அச்சிட்டு வாங்கிப் பாருங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள், காகிதத்தில் மங்கக்கூடும். மங்கினால் அச்சுக் கோப்பில் மட்டும் திருத்தச் சொல்லுங்கள், ஸ்டேட்டஸ் நிறத்தை மாற்ற வேண்டாம்.