பெங்களூரில் சின்ன ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். இன்டர்ன்ஷிப் அறிவிப்பு போட்டால் நல்ல மாணவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. ஸ்டைபண்டு, காலம், ரிமோட் விவரங்களை எப்படி எழுதுவது?

உங்கள் அறிவிப்பை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் "ஸ்டைபண்டு 18,000 வரை, திறமைக்கேற்ப", "3 முதல் 6 மாதம்", "ரிமோட் / ஹைபிரிட்" என்ற மூன்று வரிகள் இருக்கும் என்று நினைக்கிறேன். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். நான் சேர்வதற்கு முன் இங்கேயும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"18,000 வரை" என்பதை எந்த மாணவரும் 18,000 என்று படிப்பதில்லை. ஐயாயிரம்தான் கொடுப்பார்கள் என்று சீனியர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். இப்போது நாங்கள் போடுவது இப்படி இருக்கும்:

"மாதம் 18,000 ரூபாய். அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும். 10 சதவீதம் டி.டி.எஸ். போகக் கையில் 16,200. ஜனவரி 5 முதல் ஏப்ரல் 30 வரை. கடைசி நாள்வரை ரிமோட். பெங்களூர் வர வேண்டியதில்லை. காலை 11 முதல் 1 மணிவரை எல்லோரும் ஆன்லைனில் இருக்க வேண்டும், மற்ற நேரம் உங்கள் வசதி. லேப்டாப் கூரியரில் அனுப்புவோம். ப்ராஜெக்ட் ரிவ்யூ, வைவா நாட்களில் விடுப்பு உண்டு."

கையில் வரும் தொகையைத் தனியாகச் சொல்லுங்கள். எங்கள் ஆடிட்டர் இதைத் தொழில்முறைக் கட்டணமாக எடுத்துக்கொள்வதால் பத்து சதவீதம் பிடிக்கிறோம். உங்கள் ஆடிட்டர் வேறு மாதிரி சொல்லலாம், அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். பிடித்தம் இருந்தால் சேரும்போதே பான் எண்ணை வாங்கிவிடுங்கள். பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும். வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் குறைவாக வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய.

தேதி ஏன் முக்கியம் என்றால், கடைசி செமஸ்டர் மாணவருக்குக் கல்லூரியின் தடையில்லாச் சான்று வேண்டும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் இல்லாத கடிதத்தைப் பல பிளேஸ்மென்ட் செல்களில் ஏற்க மாட்டார்கள். "3 முதல் 6 மாதம்" என்றால் தேர்வு நேரத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு மனம் பொறுக்காத இடம் ரிமோட்தான். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி நேர்காணலில் முதலில் கேட்டதே, "மேம், கடைசிவரைக்கும் ரிமோட்தானே?" என்றுதான். முன்பு சேர்ந்த இடத்தில் மாதம் 12,000, ரிமோட் என்று எடுத்துவிட்டு, பிறகு "டீம் எல்லாம் ஆபீஸில்தான், நீயும் வா" என்றிருக்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர் தங்கும் பி.ஜி. அறைக்கே பத்தாயிரம் போய்விடும், அட்வான்ஸ் தனி. அவள் அப்பா இரண்டு மாதம் ஊரிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறார். வேலை செய்கிற பெண்ணுக்கு வீட்டிலிருந்து பணம் வருவது எந்த ஊர் நியாயம்? வாரம் இரண்டு நாள் வர வேண்டும் என்றால் எந்த இரண்டு நாள், எந்த ஏரியா என்று எழுதுங்கள். எட்டாயிரம்தான் முடியும் என்றால் அதையும் எழுதுங்கள். வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு அதை ஏற்பவர்கள் உண்டு. பெல்லந்தூர் வந்து உட்காரச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள்.

தொகையை வெளியே சொன்னால் பெரிய நிறுவனம் கூடக் கொடுத்து ஆளைத் தூக்கிவிடும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். தூக்குகிறவர்கள் எப்படியும் தூக்குவார்கள். இரண்டு சுற்று நேர்காணல் முடித்த பிறகு போவதைவிட முதலிலேயே போகட்டுமே. எங்களுக்கு விண்ணப்பங்களின் எண்ணிக்கை ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கூப்பிட்டால் வருகிறார்கள், வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். முதல் செய்தியிலேயே "ஸ்டைபண்டு எவ்வளவு?", "ஆபீஸ் வரணுமா?" என்று கேட்டால் அறிவிப்பில் இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம், கேட்காத ஒன்று. தேர்வு என்ற பெயரில் "எங்கள் ஆப்புக்கு லாகின் பக்கம் செய்து அனுப்பு" என்று வார இறுதி முழுக்க வேலை வாங்குகிறார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது. நான் படிக்கும்போது ஓர் இடத்துக்கு அப்படி முழுப் பக்கமே செய்து அனுப்பினேன். பதிலே வரவில்லை. சில வாரம் கழித்து அவர்கள் தளத்தில் அதே பக்கம், நான் எழுதிய வாசகங்களோடு. அதனால்தான் எங்கள் அறிவிப்பின் கடைசி வரி இது: "தேர்வு: 45 நிமிட வீடியோ அழைப்பு ஒன்று. அசைன்மென்ட் கிடையாது. ஒரு வாரத்தில் ஆம் அல்லது இல்லை என்று மெயில் வரும்."