தீயணைப்போர் கேள்வி-பதில்: கரி, சூடு, கோட்டு

ஃபயர் கோட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும்? (நிலைய அலுவலர், ஈரோடு)

நாள் கணக்கு வேண்டாம், தீ கணக்கு பாருங்கள். புகைக்குள் போய் வந்த கோட்டு அன்றே கழுவப்பட வேண்டும். பயன்படுத்தாமலே தொங்கினாலும் வருடத்துக்கு இரண்டு முறையாவது உள்ளுறையைப் பிரித்து முழுதாகத் துவையுங்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் கரி நன்றாகப் போகிறது. தொடரலாமா?

வேண்டாம். குளோரின் கோட்டின் இழையையே அரித்துவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், அடுத்த தீயில் கிழியும். துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது, அது இழைமேல் எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும். மென்மையான திரவ சோப்பு போதும்.

மெஷினில் போடலாமா? எங்கள் நிலையத்தில் மேலே திறக்கும் மெஷின்தான் இருக்கிறது.

மேலே திறக்கும் மெஷினில், நடுவில் சுழலும் கம்பத்தில் துணி முறுக்கிக்கொண்டு தையல் பிய்யும். முன்பக்கம் திறப்பது வேண்டும். இல்லையென்றால் கையாலேயே துவையுங்கள், ஆனால் கல்லில் அடிக்காதீர்கள். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மேல்துணி தனி, உள்ளுறை தனி. கொக்கி, ஜிப், வெல்க்ரோ எல்லாம் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவையே துணியைக் கிழிக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள்.

காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில். நம் ஊரில் எல்லாவற்றையும் மொட்டை மாடி வெயிலில் போட்டுப் பழகிவிட்டோம். நோமெக்ஸ், கெவ்லார் வகைத் துணிக்கு வெயில் எமன். நிறம் மங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குள் இழையின் பலம் குறைந்திருக்கும்.

எங்கள் சீனியர்கள் கோட்டைக் கழுவ விடுவதில்லை. "கரி படிந்த கோட்டுதான் வேலை செய்தவன் அடையாளம்" என்கிறார்கள். நான் புதிதாகச் சேர்ந்தவன். என்ன சொல்வது? (விருதுநகர் மாவட்டம்)

தம்பி, இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நானே இப்படித்தான் கறுத்த கோட்டோடு பல வருடம் திரிந்தேன், அதைத் தவறென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது சத்தமாகச் சொல்கிறேன்.

அந்தக் கரி வெறும் அடுப்புக்கரி இல்லை. பிளாஸ்டிக், ஃபோம், ரப்பர், பெயின்ட் எரிந்த தார் அதில் ஒட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது. கோட்டில் ஒட்டிய அழுக்கு அன்றோடு நிற்காது. நீங்கள் அதை வண்டி கேபினில் போட்டு, ஓய்வறையில் மாட்டி, வீட்டுக்கும் எடுத்துப் போகும் வரை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

சம்பவ இடத்திலேயே கழுவுவது எவ்வளவு உதவும்? 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், உலர்ந்த பிரஷால் தட்டியபோது தாரின் நச்சுப் பொருள்களில் கால்வாசிதான் போனது. சோப்பு நீரும் பிரஷும் சேர்ந்தபோது ஏறக்குறைய 85 சதவீதம் போனது.

ஒரு பிளாஸ்டிக் குடோன் தீயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றாதீர்கள், பி.ஏ. செட்டில் காற்று ஓடட்டும். பிரஷ் போடும்போது கிளம்பும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான். கூட்டாளி ஒருவர் முதலில் வெறும் தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் மேலிருந்து கீழாக விடட்டும். பிறகு 10 லிட்டர் வாளியில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து, மென்மையான பிரஷால் ஹெல்மெட், தோள், கையின் அடிப்பக்கம், கவட்டுப் பகுதி, பூட்ஸ் என்று தேய்க்கட்டும். மறுபடி அலசல். ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அதன்பிறகு முகமூடி, ஹூட், கையுறை, கோட்டு கழற்றி, கோட்டைத் தடித்த பையில் கட்டுங்கள். கேபினுக்குள் வேண்டாம், பின்பக்கம் போகட்டும். கழுத்து, தாடை, காது, மணிக்கட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நிலையம் சேர்ந்ததும் குளியுங்கள்.

சீனியரிடம் வாதாட வேண்டாம். வாளியும் பிரஷும் வண்டியிலேயே இருக்க ஏற்பாடு செய்யுங்கள். எதிரே இருந்தால் பயன்படும்.

வெயில் காலத்தில் கோட்டின் உள்ளுறையைக் கழற்றிவிட்டு மேல்துணி மட்டும் போட்டால் சூடு குறையும்தானே?

கேட்பதற்கு முன் கோட்டின் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படித்தீர்களா? மேல்துணி, ஈரத்தடுப்புப் படலம், வெப்ப உறை மூன்றும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. உறையைக் கழற்றினால் நீராவி உள்ளே வந்து தோலைப் பொசுக்கும். சூட்டைக் குறைக்க ஆளை மாற்றுங்கள், உறையை அல்ல.

மே மாதம் குடோன் தீயில் ஒரு மணி நேரம் நின்றபோது தலை சுற்றியது. தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது. வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? (திருப்பூர்)

கோட்டுக்குள் வியர்வை ஆவியாக வழியில்லாததால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாது. வெளியே வந்த பிறகும் சில நிமிடம் உள்சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் கோட்டை மட்டும் திறந்துவிட்டு உட்கார்வது போதாது, கால்சட்டையையும் இறக்கி, நிழலில் உட்காருங்கள். முழங்கை வரை இரு கைகளையும் தண்ணீர் வாளியில் 10, 15 நிமிடம் அமிழ்த்துங்கள். கையில் ஓடும் ரத்தம் குளிர்ந்து உள்ளே போகும், விசிறியைவிட இது வேகம். இரண்டு சிலிண்டர் முடிந்தால் குறைந்தது 20 நிமிட ஓய்வு.

தலைசுற்றல் எச்சரிக்கை. ஆள் பேச்சு குழறினால், கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொன்னால், அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்க்கிறதே என்று ஏமாறாதீர்கள், வியர்த்துக்கொண்டே வரும். உடனே தண்ணீரில் முக்குங்கள் அல்லது தொடர்ந்து தண்ணீர் ஊற்றுங்கள், கூடவே 108-ஐ அழையுங்கள்.

சூட்டுக்கும் கரிக்கும் தொடர்பு உண்டு. தோல் சூடாகி வியர்க்கும்போது அதே அழுக்கு உள்ளே இறங்குவது அதிகமாகிறது. தீ அணைந்து கிளறும் வேலையில் சூடு தாங்காமல் முகமூடியையும் கோட்டையும் திறந்துவிடுகிறோமே, அந்த நேரத்தில்தான் அதிகம் உள்ளே போகிறது. அங்கே திறக்காதீர்கள், விலகி வந்து கழுவிவிட்டுத் திறவுங்கள்.

ஹூடைத் தனியாகத் துவைக்க வேண்டுமா?

ஒவ்வொரு தீக்கும் பிறகு. கழுத்துத் தோல் மெல்லியது. கையில் இரண்டு ஹூட் வைத்துக்கொள்ளுங்கள்.

துவைத்த கோட்டு ஈரமாக இருக்கும்போது அழைப்பு வந்தால்?

மாற்றுக் கோட்டு கேட்டு வாங்குங்கள். ஈரம் சூட்டில் ஆவியாகித் தோலைச் சுடும். மாற்று இல்லாவிட்டால் வெளியே நின்று பம்பைப் பாருங்கள், உள்ளே போகாதீர்கள்.

துவைத்தால் எல்லா அழுக்கும் போய்விடுமா? பழைய அட்டை ஷீட் கூரை எரிந்த இடத்தில் வேலை செய்தோம்.

எல்லாம் போகாது, தார் கொஞ்சம் இழையிலேயே தங்கும். அதனால்தான் முதல் ஐந்து நிமிடக் கழுவலுக்கு இவ்வளவு சொல்கிறேன், காய்ந்து இறங்கிய பிறகு எடுப்பது கடினம். ஆனால் நீங்கள் சொல்வது ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் கதை வேறு. உலர் பிரஷ் தொடவே கூடாது. முகமூடியோடு நின்று, கோட்டை நனைத்தபடி கழற்றி, இரட்டைப் பையில் கட்டி, பெயர் எழுதி, நிலைய மெஷினில் போடாமல் அலுவலரிடம் ஒப்படையுங்கள். மெஷினில் ஒருமுறை போட்டால் அடுத்து அதில் துவைக்கும் எல்லோர் கோட்டிலும் நார் ஒட்டும்.

கோட்டின் வயதைப் பார்த்தீர்களா? தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடம் ஆகிவிட்டால், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சேவையிலிருந்து எடுங்கள். தேதி லேபிளில்தான் இருக்கிறது.